விநாடிக்கு ஒன்பது

நுண்ணோக்கியின் அடியில் டாக்டர் அறிவுமதி ஒரு மாத்திரை அட்டையை வைத்திருந்தார். அட்டையில் அச்சடித்த எழுத்துகள் குளத்துத் தண்ணீருக்குள் கிடப்பவை போல நெளிந்துகொண்டிருந்தன.

"நீயே வந்து பாரும்மா," என்று அவர் விலகி இடம் விட்டார்.

சிந்துஜா குனிந்து பார்த்தாள். அறையில் எல்லாமே அசையாமல்தான் இருந்தன. மேசை, விளக்கு, பச்சைத் துணி எதிலும் சலனம் இல்லை. கண்ணாடிக்குள் மட்டும் உலகம் நடுங்கியது. சுவரோரத் தூணில் உள்ளங்கையை வைத்தாள். கட்டடத்துக்கே லேசான காய்ச்சல் கண்டது போல, மெல்லிய ஒரு துடிப்பு கைக்குள் ஏறி முழங்கை வரை வந்தது.

"இந்த ஆட்டத்துல நான் ஒருத்தரோட கண்ணுல கைய வெக்க முடியுமா? வர வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டர தொறக்கணும். சரி பண்ணுங்க, இல்லன்னா ஏசிய நிறுத்திட்டு நீங்களே விசிறுங்க," என்றார் டாக்டர். கோபத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிந்துஜாவுக்கு வரவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் புதிதாகக் கட்டிய அந்தக் கண் மருத்துவமனைக்கு ஏசி வேலை எடுத்திருந்தது சிதம்பரத்துத் தில்லைநாதனின் கம்பெனி. சிந்துஜா அண்ணாமலை நகரில் எஞ்சினியரிங் படித்து முடித்து அங்கே சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. காடாம்புலியூர் முந்திரித் தோப்புக்காரர் வீட்டுப் பெண். வாயைத் திறந்து பேசுவதற்குள் எதிரில் இருப்பவர் பேசி முடித்துப் போய்விடுவார்; அப்படி ஒரு சுபாவம். கணக்குப் போடுவதில் மட்டும் தயக்கம் கிடையாது.

அவள் மாடிக்கு ஏறினாள். மொட்டை மாடியில் கடல் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. ஒரு பக்கம் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர், இரண்டரை டன் எடை, யானை படுத்திருப்பது போல இருந்தது. இன்னொரு பக்கம் தியேட்டருக்குக் காற்றுத் தள்ளும் ப்ளோயர்; மோட்டாரும் இரும்புச் சட்டமும் சேர்த்தே அறுநூறு கிலோதான். வேடிக்கை என்னவென்றால், யானை சத்தமில்லாமல் கிடந்தது. சின்னதுதான் மாளிகையை ஆட்டியது.

ப்ளோயர் அருகே குந்தியிருந்தான் அதைப் பூட்டிய பிட்டர் பக்கிரி. நாற்பது வயது, கை முழுக்க கிரீஸ். நாலு நாளாக அவன் அதை விட்டு நகரவில்லை. சக்கரத்தைச் சமன் பார்த்தாகிவிட்டது. பெல்ட்டை நேராக்கியாகிவிட்டது. பேரிங்கும் மாற்றியாகிவிட்டது.

"என்னண்ணே, கொறஞ்சுதா?"

"கொறையறதா? இதுக்குப் பேய்தான் பிடிச்சிருக்கு மேடம். அவுத்துப் பாத்தா எல்லாம் சரியா இருக்கு. மூடி ஓட்டுனா ஆடுது. எம்பொண்டாட்டி மாதிரி, எதுக்குன்னே தெரியாது."

சாயங்காலம் தில்லைநாதன் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மாடியைச் சுற்றி வந்துவிட்டு, சிந்துஜாவைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக அழைத்தார்.

"பக்கிரி பூட்டுனதுல கோளாறுன்னு டாக்டர் கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை பாண்டிச்சேரிலேர்ந்து வேற பிட்டர் வரான். இவன நிறுத்திடலாம்."

"அவரு எல்லாம் சரியாத்தான் சார்..."

"அதான் ஆடுதே."

பதினோரு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறவன் பக்கிரி. தொட்டிக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது. அவன் எடுக்கவில்லை.

அன்று இருட்டும் முன்னே சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் சிந்துஜாவுக்குக் கண் சொக்கியது. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஜன்னல் கண்ணாடி பேசிக்கொண்டிருந்தது. பஸ் மெதுவாகப் போனால் கண்ணாடி மௌனம். கொஞ்சம் வேகம் எடுத்ததும் கடகடவென்று நடுங்கும். இன்னும் வேகம் போனால் மறுபடி மௌனம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதேதான். ஒரே ஒரு வேகத்தில் மட்டும் அந்தக் கண்ணாடி தன் பெயரைக் கூப்பிட்டது போல எழுந்து ஆடுகிறது. கனவில் கண்ணாடி ப்ளோயராக மாறியது, ப்ளோயர் தூணாக மாறியது. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது அவள் திடுக்கிட்டு விழித்தாள்.

எந்தப் பொருளும் தனக்கென்று ஒரு ஆட்டம் வைத்திருக்கிறது. இது அவள் படித்ததுதான். அடியில் வைக்கும் ரப்பரோ ஸ்பிரிங்கோ எடையில் எவ்வளவு அமுங்குகிறதோ, அதைப் பொறுத்தது அந்த ஆட்டம். நிறைய அமுங்கினால் ஆட்டம் நிதானம். கொஞ்சமாக அமுங்கினால் வேகம். இயந்திரம் சுற்றும் வேகம் அதைவிடப் பல மடங்கு இருந்தால் அதிர்வு கீழே இறங்காது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் ஒவ்வொரு சுற்றும் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல ஆகிவிடும்.

அப்படித்தானே பார்த்து வாங்கினோம்? மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று. விநாடிக்கு இருபத்துநாலு. மூன்று மில்லிமீட்டர் அமுங்கும் ரப்பர். அதன் ஆட்டம் விநாடிக்கு ஒன்பது. இருபத்துநாலுக்கும் ஒன்பதுக்கும் வேண்டிய இடைவெளி இருக்கிறதே.

மோட்டார்.

அவள் பார்த்து எழுதியது மோட்டார் வேகம்; ரப்பர் மேல் ஆடும் ப்ளோயரின் வேகம் அல்ல. ஆயுத பூசை நாள் நினைவுக்கு வந்தது. கிடங்கில் ப்ளோயர் வந்து இறங்கியிருந்தது. ஆபீஸில் ஒரே பெண் அவள்தான் என்று எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைக்கச் சொன்னார்கள். ப்ளோயரில் பளபளவென்று தட்டையாக இருந்த இடம் அதன் பெயர்த்தகடுதான். அதன் மேல் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். மறுநாள் ரப்பர் தேர்ந்தெடுக்கக் குறிப்பு எடுக்கப் போனபோது சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. பூசைச் சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிரவேண்டும். பக்கத்தில் மோட்டாரின் தகடு சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கடலூர் வந்து இறங்கினாள். மாடியில் பக்கிரி மட்டும் தன் ஸ்பேனர்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பெல்ட் மூடிய கழட்டுங்க."

"நாந்தான் போறேனே. புதுசா வரவன கழட்டச் சொல்லுங்க."

"கழட்டுங்கண்ணே."

மோட்டார்ப் பக்கத்துச் சக்கரம் ஆறு அங்குலம். ப்ளோயர்ப் பக்கத்துச் சக்கரம் பதினாறு. ஆயிரத்து நானூற்று நாற்பதை ஆறால் பெருக்கிப் பதினாறால் வகுத்தாள். ஐந்நூற்று நாற்பது. விநாடிக்கு ஒன்பது. ரப்பர் பலகையை அளந்தாள். இருபத்தைந்து மில்லிமீட்டர் உயரம் இருபத்திரண்டாகியிருந்தது. மூன்று மில்லி. அதுவும் ஒன்பது. சேர்ந்து பாட வைத்த இரண்டு குரல்.

"ரப்பரே இல்லாம தளத்து மேல அப்படியே வெச்சிருந்தாகூட இவ்ளோ ஆடியிருக்காதுண்ணே."

பக்கிரி அவளையே பார்த்தான். "இந்த ரப்பர எழுதிக் குடுத்தது யாரு?"

"நான்."

அவன் பையின் நாடாவை இழுத்துக் கட்டினான், பிறகு அவிழ்த்தான்.

தில்லைநாதனிடம் அவள் போனில் சொன்னாள். அவர், "இன்னும் தடிமனா, கெட்டியா ரப்பர் போட்டா?" என்றார்.

"கெட்டியானா கம்மியா அமுங்கும் சார். அப்பவும் அதிர்வு ரெண்டு மடங்கா கீழ எறங்கும். இருபத்தஞ்சு மில்லி அமுங்கற ஸ்பிரிங் வேணும். மாடித் தளம் எட்டு மீட்டர் அகலம், அதுவே ஒன்னு ரெண்டு மில்லி தாழும். தளமும் ஒரு ஸ்பிரிங் மாதிரிதான் சார். அதவிடப் பல மடங்கு நாம அமுங்கணும். சில்லருக்குக் கம்பெனிக்காரன் அதான் குடுத்திருக்கான்."

"சரி, மெட்ராஸ்லேர்ந்து வரவழை. ஆனா ஒன்னு. பிட்டர் தப்புன்னா ஆள மாத்திட்டோம்னு சொல்லிடலாம். எஞ்சினியர் தப்புன்னா கம்பெனியே தப்பு. அடுத்த கட்டடத்த டாக்டர் நமக்குத் தரமாட்டாங்க. நீ வாயத் தொறக்காத. அது ஒனக்குப் பழக்கம்தானே."

போனை வைத்துவிட்டார்.

ஸ்பிரிங்குகள் பஸ் பார்சலில் வந்தன. மோட்டார் பக்கம் எடை ஜாஸ்தி. ஒவ்வொரு மூலையிலும் நூற்றெண்பது கிலோ. எதிர்ப்பக்கம் நூற்றிருபது. ஆகவே கெட்டியான சிவப்பு ஸ்பிரிங் இரண்டு, இளகின நீலம் இரண்டு. ஒரே ஸ்பிரிங்கை நாலு பக்கமும் போட்டால் ப்ளோயர் குடித்தவன் போலச் சாய்ந்து நிற்கும். அந்தப் பாண்டிச்சேரி ஆள் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப்போட்டிருந்ததால் பூட்டியவன் பக்கிரிதான். அவன் மனசு விட்டுப்போன வேலையிலும் கண் தப்பவிடவில்லை.

"மேடம், கேன்வாசு இப்படி விறைப்பா இருந்தா ஸ்பிரிங் எப்படி ஆடும்? கரண்டு குழாயும் இரும்பு. ஒரு பக்கம் ஊஞ்சல கட்டிட்டு இன்னொரு பக்கம் தூண்ல கட்டிப் போட்ட மாதிரி."

காற்றுக்குழாயோடு இணைக்கும் கேன்வாசைத் தளர்த்தித் தைத்தான். மின்குழாயை வளையும் குழாயாக மாற்றி ஒரு சுற்று விட்டான். ஸ்பிரிங்கின் பூட்டு நட்டுகளைக் கடைசியாகத் தளர்த்தினான்.

திங்கட்கிழமை எல்லோரும் இருக்கும்போது ஓட்டினார்கள். கிளம்பும்போது ப்ளோயர் ஸ்பிரிங்கின் சொந்த ஆட்டத்தைத் தாண்டிப் போகவேண்டுமே, அந்த ஒரு நொடி தொட்டில் போல அசைந்தது; தில்லைநாதன் பின்வாங்கினார். வேகம் ஏறியதும் அசைவு எங்கோ உள்ளே போய் மறைந்துவிட்டது. ஸ்பிரிங்குகள் மேல் அது மிதந்தது. தளத்துக்கு வந்தது பழைய ஆட்டம் அல்ல, ப்ளோயரின் அதிர்வில் ஏழில் ஒரு பங்குதான். சிந்துஜா தூணில் கை வைத்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டிருந்தது. வெறும் சுவர், வெயிலில் கொஞ்சம் இளஞ்சூடாக.

கீழே தியேட்டரில் டாக்டர் அறிவுமதி நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார். "அப்பாடா. ஆக அந்த பிட்டர்தான் ஒழுங்கா பூட்டலியா?"

"ஆமாங்க டாக்டர். அவன..." என்று தில்லைநாதன் ஆரம்பித்தார்.

வாசலில் பக்கிரி பையோடு நின்றிருந்தான். சிந்துஜா அவனைப் பார்த்தாள்.  எங்கிருந்தோ குரல் வந்தது. அது தன்னுடையது என்று கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"அவரு பூட்டுனது சரி டாக்டர். ரப்பர தப்பா எடுத்தது நான். மோட்டார் வேகத்த பாத்துட்டேன், ப்ளோயர் வேகத்த பாக்கல. ப்ளோயர் தகட்டுமேல சந்தனம் பூசி மறைச்சதும் நாந்தான்."

தில்லைநாதனின் காது சிவந்தது. டாக்டர் நிமிர்ந்து, அவளை மட்டுமில்லாமல் வாசலையும் பார்த்தார்.

"சந்தனமா?" என்றார். பிறகு, "தில்லைநாதன் சார், மாசாமாசம் இத பாக்க அந்த பிட்டரையே அனுப்புங்க. தப்ப ஒத்துக்கற ஆளு இருக்கற எடத்துக்கு நான் அடுத்த வேலையும் தரலாம். யோசிக்கறேன்."

"ஆபீசுல பேசிக்கலாம்," என்று சிந்துஜாவிடம் பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டுத் தில்லைநாதன் காரில் ஏறிப் போனார். பாண்டிச்சேரிக்காரனை வரவேண்டாம் என்று சொல்லும் குரல் காருக்குள்ளிருந்து கேட்டது.

தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. பக்கிரி நாலு எட்டு முன்னால் நடந்து நின்றான்.

"இத மொதநாளே கண்டுபிடிச்சிருந்தா நான் நாலு நாளு பெல்ட்டோட குஸ்தி போட்டிருப்பனா?"

"மன்னிச்சுக்குங்கண்ணே."

"என்னத்த மன்னிக்கறது. வேலை போயிடுச்சுன்னு எம்பொண்டாட்டி பொன்னிகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாளா சோறு எறங்கல அவளுக்கு. இப்ப போயி வேலை போவலன்னு சொன்னா, குடிச்சிட்டு வந்து ஒளர்றேன்னு தொடப்பத்த எடுப்பா." தலையைச் சொறிந்தான். "நீயே வந்து சொல்லு. இங்கேர்ந்து ஒரே பஸ்ஸு, பழைய டவுன் ஓட்டிக்குப் பக்கத்துலதான் வூடு. மேடம் சொன்னா நம்புவா."

"நானா? என்னன்னு சொல்றது?"

"அதான் அங்க உள்ள சொன்னியே, அதயே."

மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரமாக அவன் பின்னால் அவள் நடந்தாள். தெரியாத ஒரு வீட்டு வாசலில் தெரியாத ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் எழுதிப் பார்த்தாள். நீளமாக இருந்தது, சுருக்கினாள். உங்க வீட்டுக்காரர் மேல தப்பு இல்லக்கா, எம்மேலதான். அவ்வளவுதான். அதைச் சத்தம் வராமல் உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டே, பஸ் நிறுத்தம் வரை அவன் நடைக்கு ஈடு கொடுத்து நடந்தாள்.