நாலாவது மூலை

அட்டைப்பெட்டி விற்பவருக்குப் பெட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. இவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தட்டிப் பார்த்தே அட்டை எத்தனை அடுக்கு என்று சொல்லிவிடுவார். பேரம் படிகிறதா என்பதை எதிராளி மூச்சு விடுவதிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால்தான் கம்பெனியில் எல்லாரும் அவரை ‘முதலாளி’ என்பார்கள். நிஜ முதலாளி அவர் மனைவி. கையெழுத்து, கணக்கு, கோபம் மூன்றும் அந்தம்மா வசம்.

அன்று மத்தியானம் கண்ணாடி ஜாடிக் கம்பெனியில் கூட்டம். இவர்கள் அட்டையில் பாதிக்குமேல் வாங்குகிற வாடிக்கை அது. போன மழைக்காலத்தில் ஜாடிகள் வழியெல்லாம் உடைந்து போய்ச் சேர்ந்ததில், அங்கே கொள்முதல் பார்க்கும் மேடம் கடுப்பாகிவிட்டார். “புதுப் பெட்டியைக் காட்டுங்க. பிடிச்சா சரி, இல்லாட்டி வேற ஆள் பார்த்துக்கிறேன்” என்று கடைசி வாய்ப்பு கொடுத்திருந்தார்.

கூட்டத்தில் திரையில் காட்டும் படக்காட்சியைத் தயார் செய்தது அந்தம்மாவின் தம்பி. எதையும் கடைசி நிமிஷத்தில் செய்வதால் அவனுக்கு ‘அவசரம்’ என்று பெயர். வெளியூரிலிருந்து லேப்டாப்போடு ரயிலில் வந்துகொண்டிருந்தான். நேராகக் கூட்டத்துக்கே வருவான். மாமாவுக்குப் படம் எதற்கு என்று, எப்போதும்போல ஸ்லைடுகளில் இருக்கும் எழுத்தை மட்டும் தனியாக எடுத்து மெயிலில் அனுப்பிவிட்டான். போன் அடித்தால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’.

கம்ப்யூட்டர் அந்த எழுத்தை முதலாளிக்கு வாசித்தது. ஐந்தாவது ஸ்லைடு: “புதியது. பழையது. நாற்பத்தொன்று. ஆறு. ஒரு லாரிக்கு உடைந்தவை.”

அந்தம்மா திடுக்கிட்டார். “என்னங்க இது? புதுசுல நாப்பத்தொண்ணு உடைஞ்சுதா? இதையா கொண்டுபோய்க் காட்டப் போறோம்?”

“பதறாத. உன் தம்பி தலைப்பைக் கடைசியில போடறவன். பார், எல்லா ஸ்லைடுலயும் தலைப்பு கடைசியா வருது. அப்போ இது திரையில இருக்கிற வரிசை இல்ல, அவன் கட்டம் கட்டமா ஒட்டின வரிசை. எந்த எண் எதுக்குக் கீழே நிக்குதுன்னு இதுல தெரியாது.”

“அப்போ எப்படித் தெரியும்?”

“ஒன்பதாவதைக் கேளு.”

ஒன்பதில், “உடைவது ஏழில் ஒன்றாகக் குறைந்தது” என்று இருந்தது. நாற்பத்தொன்றை ஏழால் வகுத்தால் ஆறுக்குப் பக்கத்தில் வரும். புதியதுதான் ஆறு. அந்தம்மா கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

“இந்த விஷயத்துல நீயும் நானும் ஒண்ணு. கண்ணு இருந்தும் உனக்கும் படம் இல்ல” என்றார் முதலாளி, மிகவும் சந்தோஷமாக.

“ரொம்பப் பெருமைதான். அடுத்ததைப் போடுங்க.”

இப்படியே துண்டு துண்டாகக் கோர்த்துப் பாதிக்கு மேல் தாண்டினார்கள். எது படம், எது அம்புக்குறி, எது வெறும் அலங்காரம் என்று அவர் சொல்லச் சொல்ல, அந்தம்மா தாளில் கட்டம் போட்டுக்கொண்டே வந்தார். ஏழாவதில்தான் வண்டி நின்றது.

“மூலை. மூலை. மூலை. மேலிருந்து எடுத்தது. மழைக்குப் பிறகு.”

“மழையில நனைச்ச பெட்டியைப் போட்டோ எடுத்திருக்கான். மூலையெல்லாம் கெட்டியா இருக்குன்னு குறி போட்டிருக்கான். ‘மழை வந்தாலும் அசையாது’ன்னு அடிச்சுச் சொல்லுங்க, முடிஞ்சுது” என்றார் அந்தம்மா.

முதலாளி அதைத் திரும்ப வாசிக்க வைத்தார். “மூணுதானே சொல்லுது?”

“பின்னாடி மூலை மறைஞ்சிருக்கும்.”

“பக்கத்துல நின்னு எடுத்தா மறையும். மேலேயிருந்து எடுத்தான்னு அவனே எழுதியிருக்கான். மேலேயிருந்து பார்த்தா நாலும் தெரியுமே. நாலாவதுக்கு ஏன் குறி போடல?”

“மறந்திருப்பான். அவனைத் தெரியாதா?”

“மறந்ததா, மறைச்சதா? மறைச்சிருந்து, நான் போய் ‘அசையாது’ன்னு அடிச்சுவிட்டா, அந்த மேடம் அங்கேயே நம்மள மடிச்சு வெச்சிடுவாங்க.”

புதுப் பெட்டி மாதிரிகளில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். குழாயடியில் நன்றாக நனைத்து, மேலே நாலு அட்டைக் கட்டு பாரம் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொள்ளப் போனார். புறப்படும் நேரத்தில் பாரத்தை இறக்கிவிட்டு, மூலை மூலையாக விரல் வைத்து அழுத்திக்கொண்டு வந்தார். ஒன்று, கெட்டி. இரண்டு, கெட்டி. மூன்று, கெட்டி. நாலாவதில் விரல் உள்ளே போனது.

எந்தப் பெட்டியும் ஒரே அட்டையை மடித்துச் செய்வதுதான். மூன்று மூலை மடிப்பு. நாலாவது மூலையில்தான் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பசை போடுவார்கள். இந்தப் பசை தண்ணீரைக் கண்டதும் கரைந்துவிட்டது.

“ஐயோ” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் அந்தம்மா. “அட்டையைத் தடியாக்கினோமே, இதை யாருமே பார்க்கலையே?”

“இப்போ பார்த்தாச்சு. பெட்டிக்குக் கம்பி அடிக்கிற மிஷின் இருக்கா, தூசி படிஞ்சு செத்துப் போச்சா?”

“இருக்கு.”

“இன்னொரு பெட்டியில அந்த மூலைக்கு மட்டும் மேலேயிருந்து கீழே வரைக்கும் கம்பி அடிச்சு, அதையும் நனைக்கச் சொல்லு. ரெண்டையும் வண்டியில ஏத்து.”

கூட்டம் தொடங்க இருந்தபோது ‘அவசரம்’ வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்து லேப்டாப்பைச் சொருகினான். பேச நேரமே இல்லை. முதலாளி ஒவ்வொரு ஸ்லைடாகப் பேசிக்கொண்டு போனார். பழையது நாற்பத்தொன்று, புதியது ஆறு என்றபோது அந்தம்மா திரையைப் பார்த்தார். எண்கள் சரியான பெயருக்குக் கீழேதான் நின்றன. எதிரே மேடம் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

ஏழாவது வந்தது. முதலாளி நனைந்த பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

“மேடம், திரையில மூணு மூலைக்குத்தான் குறி இருக்கு. நாலாவதை நீங்களே அழுத்திப் பாருங்க.”

“மாமா!” என்று ‘அவசரம்’ பல்லைக் கடித்தான்.

பேனா நின்றது. மேடம் எழுந்து வந்து அழுத்தினார். பெட்டி வாய் பிளந்தது.

“தண்ணி பட்டா இந்தப் பசை நிக்காது. இதே பெட்டி, அந்த மூலைக்குக் கம்பித் தையல் போட்டது இது. இதுவும் நனைஞ்சதுதான். அழுத்துங்க, வேணும்னா மேலே ஏறி நில்லுங்க.”

மேடம் ஏறி நிற்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். மூலை பிரியவில்லை.

“போன மழையில நாங்க அனுப்பின லோடு பூரா இந்த மூலையிலதான் பிளந்துச்சு. ஜாடி உடையுதுன்னு உங்க ஆள்கிட்ட சொன்னா, அட்டையை மாத்தறேன், உள்தடுப்பை மாத்தறேன்னு ஏதேதோ சொன்னாங்க. நீங்களா இதைக் கண்டுபிடிக்கறீங்களான்னு பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தேன்” என்றார் மேடம். “கம்பி போட்டதுல ஒரு லாரிக்கு வேண்டிய பெட்டி அனுப்புங்க. மழையிலேயே ஜாடி ஏத்தி அனுப்பிப் பார்க்கறேன். அது நல்லபடியா போய்ச் சேர்ந்தா, வருஷ ஒப்பந்தம் உங்களுக்கே.”

லிஃப்டுக்காக நின்றபோது ‘அவசரம்’ வாயைத் திறந்தான். “மாமா, யார் உங்களுக்கு அந்த மூலையைப் பத்தி போட்டுக் கொடுத்தது?”

“நீதான்டா மாப்ள. மூணு போட்டு நாலாவதை விட்டியே. நனைஞ்சு பிளந்ததுன்னு மறைச்சிட்ட.”

“நானா? காத்துல பெட்டி பறக்குதேன்னு ஒரு கையால அமுக்கிப் பிடிச்சு எடுத்தேன். நாலாவது மூலையை என் கட்டைவிரல் மறைச்சிருச்சு. அதான் குறி போடல. எடுத்த நேரத்துல மழையே ரெண்டு தூறல்தான்.”

அந்தம்மா பக்கத்துச் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். “கேட்டீங்களா? மறந்ததும் இல்ல, மறைச்சதும் இல்ல, விரலாம்!”

முதலாளிக்கு முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. ஆனால் நிமிஷத்தில் நிமிர்ந்துவிட்டார்.

“காரணம் தப்பா இருக்கலாம். பெட்டி பிளந்துச்சா இல்லையா? கம்பி மிஷினுக்கு ஆள் போடு, சாயங்காலமே ஓடணும். மாப்ள, மழை எப்போன்னு பார்த்துச் சொல்லு.”