நுரை வராத சோப்பு

டமாரென்று விழுந்த சத்தத்தில் ஜெராக்ஸ் கடை கண்ணாடி மேஜை அதிர்ந்தது. ஸ்பைரல் போட்டு முடித்த அறிக்கையைத்தான் மேனகா அப்படி ஓங்கி அடித்திருந்தாள்.

"யம்மா, கண்ணாடிய உடைச்சிடாத. போன மாசந்தான் மாத்துனேன்" என்றார் கடைக்காரர் அம்மாவாசை.

மேனகா அவர் பக்கம் திரும்பவே இல்லை. பிரேம்குமாரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். "என் மூணு பக்கம் எங்கடா?"

"எடுத்துட்டேன்" என்றான் பிரேம்குமார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் கார் சாவி போலச் சுழலும் பைக் சாவி. எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் அவன்தான் அவர்கள் குழுவின் தலைவன்.

"யாரக் கேட்டு எடுத்த?"

"மீன் விக்கிற பொம்பளைங்க பேச்செல்லாம் கேஸ் அனாலிசிஸா? நாலு மணிக்குள்ள சப்மிட் பண்ணணும். சும்மா கத்தாத."

மணி மூன்று பத்து. முதல் இன்டர்னலில் மேனகா வாங்கியது பத்து மதிப்பெண். இந்த அறிக்கைக்கு முப்பது. இதிலும் வழுக்கினால் அந்தப் பாடத்தை அடுத்த வருஷம் மறுபடி எழுத வேண்டும். அரியாங்குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, இன்னொரு வருஷமா? நினைக்கும்போதே அவளுக்குக் காது சூடானது.

பேராசிரியர் கொடுத்த கேஸ் 'முத்துநிலா' சலவை சோப்பு. நான்கே வருஷத்தில் சந்தைப் பங்கு இருபத்தெட்டு சதவீதத்திலிருந்து பதினொன்றுக்கு விழுந்த சோப்பு. ஏன் விழுந்தது, என்ன செய்யலாம்? அதுதான் கேள்வி.

மேனகா அறிக்கையைப் புரட்டினாள். "'விளம்பரம் போதாததே காரணம். பிரபல நடிகையை ஒப்பந்தம் செய்ய வேண்டும்.' இது நீ எழுதுனதா, கூகுள் எழுதுனதா? கேஸ்ல நாலாவது அட்டவணையப் பாத்தியா இல்லியா? அந்த நாலு வருஷத்துல விளம்பரச் செலவு ரெண்டு மடங்காயிருக்கு. செலவு ஏற ஏற விற்பனை எறங்குது. சார் வைவாவுல மொதக் கேள்வியே இதத்தான் கேப்பாரு. என்ன சொல்லுவ, நடிகை சரியில்லன்னா?"

பிரேம்குமார் அறிக்கையை இழுத்து நாலாவது அட்டவணையைத் தேடினான். அம்மாவாசை 'க்கும்' என்று சிரிப்பை இருமலாக்கினார்.

"ஆறாம் பக்கத்துல ஒரே ஒரு வரி இருக்கு. செலவக் குறைக்கத் தேங்காய் எண்ணெய்யக் கொறைச்சுட்டு பாமாயில் கூட்டுனாங்கன்னு. அந்த வருஷமே கடலோர ஊர்ல பங்கு சரிஞ்சுது. கடல் இல்லாத உள்மாவட்டப் பக்கம் கொஞ்ச நாள் தாக்குப் பிடிச்சுது. ஏன்? அதக் கேக்கத்தான் நானும் நம்ம குரூப்பு சரிதாவும் வைத்திக்குப்பத்துல வெயில்ல அலைஞ்சோம். நீ மட்டும் வயித்து வலின்னு வரல."

அந்த வெயிலில் வசந்தா என்ற மீன்காரப் பெண் சொன்னதைத்தான் அவள் அறிக்கையின் உயிராக வைத்திருந்தாள். *'எங்க போர் தண்ணி உப்பும்மா. மின்ன இந்த சோப்பு அதுலயும் நுரை கட்டும். இப்ப தேய்ச்சா துணியில வெள்ளையா பிசுக்குதான் ஒட்டுது. மீன் வாடை போகல. டிவியில எவ சிரிச்சா எனக்கென்ன?'*

இருபத்திரண்டு வீடுகளில் பதினேழு வீடு இதையேதான் சொன்னது. ஆனால் இவ்வளவு பளிச்சென்று வேறு யாரும் சொல்லவில்லை.

"சரி" என்றான் பிரேம்குமார் மெதுவாக. "அட்டவண கரெக்ட்டுதான். உன் மூணு பக்கத்தையும் சேத்துடலாம். பைல் பென் டிரைவ்லயே இருக்கு. நடிகையத் தூக்கிடு, பழைய எண்ணெய்க்கே போகணும்னு பரிந்துரைய மாத்து. என் பேரக்கூட ரெண்டாவதாப் போட்டுக்க."

இவ்வளவு சுலபமாக இறங்கி வருவான் என்று மேனகா எதிர்பார்க்கவில்லை. கோபம் தரையில்லாமல் தடுமாறியது.

"ஆனா அந்த வசந்தா சொன்னது மட்டும் வேணாம். பேரு, போட்டோ எதுவும் வேணாம்."

மறுபடி பற்றிக்கொண்டது அவளுக்கு. "அது இல்லாம மூணு பக்கமும் வெறும் நம்பர்டா! மத்த எல்லாருதும் இருக்கலாம், அவங்கது மட்டும் ஏன் வேணாம்? மீன் கூடையோட நிக்கிற போட்டோ உன் கிளாஸுக்கு நாறுதா? அவங்களவிட இந்தக் கேஸப் புரிஞ்சுக்கிட்டவன் நம்ம பேட்ச்சுலயே இல்ல. உனக்கு அவங்களப் பத்தி என்ன தெரியும்?"

பைக் சாவி சுழல்வது நின்றது. பிரேம்குமார் கடை வாசலைப் பார்த்தான். வகுப்பு நண்பர்கள் யாரும் வருகிறார்களா என்று பார்ப்பவன் போலத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அவங்க எங்கம்மா, மேனகா."