காலிப் பக்கத்தில் பொன்மணி

அழித்ததை எடுத்துக் கொடுங்கள் என்று வருகிறவர்களைக் கண்டாலே அழகுமீனாவுக்கு எரிச்சல் வரும். விருதுநகர் சைபர் கிரைம் பிரிவில் தொழில்நுட்ப சப் இன்ஸ்பெக்டர் அவள். வருகிறவர்கள் என்னவோ கோடாங்கியிடம் குறி கேட்க வந்தவர்கள் மாதிரியே வந்து உட்காருவார்கள். மனதில் ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். அந்தப் பதில் வராவிட்டால் உங்கள் மெஷின் சரியில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள்.

ஆண்டிச்சாமி எந்தப் பதிலை வைத்துக்கொண்டு வந்தார் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் மருந்து கலக்கும் அறை வெடித்து ஐந்து பேர் இறந்துபோயிருந்தார்கள். அதில் ஒருத்தி பொன்மணி, அவருடைய மனைவி. அந்த அறையில் வேலை பார்த்தவர்கள் என்று ஆலை கொடுத்த பட்டியலில் நான்கு பெயர்கள்தான் இருந்தன. பொன்மணி பெயர் அதில் இல்லை. அவள் எங்கள் ஆளே இல்லை, போர்மேன் முனியராஜைப் பார்க்க வந்திருப்பாள் என்று ஆலைத் தரப்பில் சொல்லிவிட்டார்கள். முனியராஜும் அதே அறையில் செத்துப்போனதால் மறுத்துச் சொல்ல ஆளில்லை.

ஊர் வாய்க்கு அது போதாதா? அவர்கள் ஊரான ஆனைக்குட்டத்தில் இழவு வீட்டுப் பந்தலைப் பிரிப்பதற்குள் கதை கட்டிவிட்டார்கள். வீட்டில் கிடந்த பொன்மணியின் போனைப் போலீஸ் எடுத்துப் பார்த்தபோது வாரக்கணக்காகத் தினமும் காலையில் முனியராஜிடமிருந்து அழைப்பு வந்திருந்தது. அதையும் யாரோ வெளியே சொல்லிவிட்டார்கள். அதே ஆலையில் வேலை பார்த்த ஆண்டிச்சாமி அப்போது மஞ்சள் காமாலையில் விழுந்து, இருக்கன்குடியில் அக்கா வீட்டில் பத்தியம் இருந்து, சாவுச் செய்தி கேட்டுத்தான் எழுந்து வந்திருந்தார். கொள்ளி வைக்கக் கூப்பிட்டபோது அந்தக் கழுதைக்கு நான் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய் நின்றுகொண்டார். பொன்மணியின் தம்பிதான் வைத்தான்.

இதெல்லாம் நடந்தபின், மனைவியின் போனை அடையாளம் காட்ட வந்த நாளில், அழகுமீனாவின் மேஜை ஓரத்தில் நின்றுகொண்டு மெல்லக் கேட்டார்.

"மேடம், அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல என்னன்னு அந்த ஆளு போன்ல இருக்குமா? அழிச்சிருந்தாலும் எடுத்துருவீகளாமே."

கோர்ட்டுக்குத்தான் சொல்ல முடியும், உங்களிடம் சொல்ல முடியாது என்று அவள் விதிப்படி பதில் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். வராந்தாவில் பொன்மணியின் அம்மா கருப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். மருமகன் அந்தப் பக்கம் திரும்பாமலேயே படி இறங்கினார். கருப்பம்மாள் தினமும் வருவாள். யார் வெளியே வந்தாலும், எம்பிள்ளை வேலைக்குத்தான் போனா என்று ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வாள். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே அழகுமீனாவுக்கு மதியச் சோறு இறங்காமல் போனது.

பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. முதலாளியே ஆனாலும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்து, மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அந்தக் கட்டுப்பாட்டால்தான் முனியராஜின் போன் எரியாமல் தப்பித்தது. அதில் ஆலைக்காரர்கள் போர்மேன்களுக்கென்று செய்து கொடுத்திருந்த ஒரு ஆப் இருந்தது. யார் வந்தார், யார் லீவு என்று தொட்டால் அலுவலகத்துக்குப் போய்விடும். போர்மேன் தன் ஞாபகத்துக்கு எழுதிக்கொள்ள 'குறிப்பு' என்று ஒரு பகுதியும் உண்டு. அது அலுவலகத்துக்குப் போகாது, போனிலேயே தங்கிவிடும். திறந்து பார்த்தபோது குறிப்புப் பகுதி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர் ராஜபாண்டியன் அதைப் பார்த்துவிட்டு, செத்தவன் எதையும் எழுதும் பழக்கம் இல்லாதவன் போலிருக்கிறது, விட்டுத்தள்ளு என்றார். அழகுமீனா விடவில்லை. அக்கறை என்று சொல்வதைவிடப் பிடிவாதம் என்று சொல்லலாம். ஆப்பின் தகவல் எல்லாம் எஸ்.க்யூ.லைட் என்ற தகவல்தளக் கோப்பு ஒன்றில்தான் இருந்தது. அதில் இருக்கிற நாலைந்து பெயருக்கு அந்தக் கோப்பு ரொம்பப் பெரிதாக இருந்தது. ஆள் இல்லாத வீட்டில் அத்தனை அறை எதற்கு?

அசலைத் தொடாமல் ஒரு நகலை எடுத்து, இரண்டும் ஒன்றுதான் என்று ஹாஷ் போட்டுப் பார்த்துக்கொண்டு, வெறும் எண்களாகத் திறந்தாள். எஸ்.க்யூ.லைட் கோப்பு என்பது ஒரே அளவுள்ள பக்கங்களை அடுக்கியது. ஒரு பதிவை அழி என்றால் அது அழிப்பதில்லை. ஒரு பக்கத்தில் இருந்த பதிவுகள் எல்லாம் போய்விட்டால், இந்தப் பக்கம் காலி, அடுத்து யாருக்காவது தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று ஒரு வரிசையில் சேர்த்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எழுதியிருந்த எழுத்து அப்படியே கிடக்கும். அழிக்கும்போதே பூஜ்யத்தால் நிரப்பிவிடுகிற ஆப்கள் உண்டு, காலிப் பக்கங்களை வெட்டி எறிந்து கோப்பைச் சுருக்குகிறவையும் உண்டு. இந்த ஆப்பைச் செய்த புண்ணியவான் தன்னுடைய எஸ்.க்யூ.லைட்டை உள்ளேயே வைத்து, இரண்டில் எதையும் போடாமல் விட்டிருந்தான். சோம்பேறித்தனமும் சில நேரம் நல்லது செய்கிறது.

கோப்பின் தலைப்பிலேயே காலிப் பக்கங்களின் வரிசை எங்கே தொடங்குகிறது, மொத்தம் எத்தனை என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பிடித்துப் போனாள். முதல் காலிப் பக்கத்தில் மற்றவற்றின் எண்கள் வரிசையாக இருந்தன. அந்தப் பக்கத்தின் தலைப்பகுதியில் பழைய எழுத்து அதனால் கெட்டிருந்தது, கீழ்ப்பகுதியில் மிச்சமிருந்தது. மற்ற பக்கங்களில் கை படவே இல்லை. ஒவ்வொன்றும் பதிமூன்று என்ற எண்ணோடு தொடங்கியது. அட்டவணையின் பதிவு தாங்கும் பக்கம் என்பதற்கு அதுதான் அடையாளம். குறிப்பு அட்டவணையில் எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம் என்ற வரையறை கோப்பில் அழியாமல் இருந்ததால், ஒவ்வொரு பதிவையும் அளந்து பிரிக்க முடிந்தது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று மூன்று பைட்டாக, E0 என்ற தலையோடு வந்துகொண்டே இருந்தது. அதை எழுத்தாக மாற்றியபோது முனியராஜ் பேச ஆரம்பித்தார்.

முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. வேன் லேட்டு. சாக்கு ஈரம், மாத்தச் சொல்லணும். அறையில் சூடு ஜாஸ்தி. அதற்கப்புறம் ஒரு குறிப்பு மட்டும் நாளுக்கு நாள் திரும்பத் திரும்ப வந்தது.

'ஆண்டிச்சாமிக்கு பதில் பொன்மணி.'

அழகுமீனா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். பட்டாசு ஊரான சாத்தூர்க்காரி அவள், சொல்லாமலே புரிந்துவிட்டது. தீபாவளி சீசனில் லோடு ஏற ஏற, லீவு போட்டவனின் இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவான். இடம் போகாமல் இருக்க வீட்டாள் ஒருத்தர் போய் நிற்பார். மருந்து அறைக்குப் பயிற்சி எடுக்காதவர்கள் போகக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், போர்மேனுக்கும் தெரியும். அலுவலகத்துக்குப் போகும் பட்டியலில் ஆண்டிச்சாமி லீவு. உள்ளே நின்றது பொன்மணி. தினமும் காலையில் முனியராஜ் போன் செய்தது, இன்றைக்கு வருகிறாயா, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்பதற்காக. இதற்குத்தான் ஊர் வேறு பெயர் வைத்தது.

கடைசிக் குறிப்பு வெடித்த அன்று காலை எழுதியது. அதே வரிதான். எப்போது அழிக்கப்பட்டது என்று கோப்பில் எழுதியிருக்காது. ஆனால் அந்தக் குறிப்பை எழுதிய பிறகுதானே அழித்திருக்க முடியும். போன் வாட்ச்மேனின் பெட்டிக்குள் போன பிறகு யாரும் அதன் பூட்டைத் திறக்கவில்லை என்பதை போனே பதிந்து வைத்திருந்தது. குறிப்பு எழுதியதற்கும் போன் பெட்டிக்குள் போனதற்கும் இடையில் அலுவலகத்திலிருந்து ஒரு அழைப்பு வந்திருந்தது, துடைக்கச் சொல்லத்தான் இருக்கும். எழுதியதும் அவர்தான், துடைத்ததும் அவர்தான். துடைத்துவிட்டு உள்ளே போனார், அவ்வளவுதான். அவர் உயிரோடு திரும்பி இன்னும் கொஞ்ச நாள் வேலை பார்த்திருந்தால், புதிய பதிவுகள் ஒவ்வொன்றாக இந்தக் காலிப் பக்கங்களில் ஏறி உட்கார்ந்திருக்கும். பொன்மணி பெயர் நிஜமாகவே இல்லாமல் போயிருக்கும். அவர் செத்ததால்தான் அவள் பெயர் பிழைத்தது என்று நினைத்தபோது அழகுமீனாவுக்கு அழுகை வந்தது. யூனிபார்ம் போட்டுக்கொண்டு அழுவதைவிடக் கேவலம் வேறில்லை என்று முகம் கழுவப் போனாள்.

அறிக்கையை ராஜபாண்டியன் இரண்டு முறை படித்தார். பிறகு ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். வாக்குமூலம் வாங்கும்போது காகிதத்தைக் காட்டி விளக்க அழகுமீனாவும் இருந்தாள். ஆண்டிச்சாமிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தன் பெயரை விரலால் தொட்டார். அடுத்த வரியிலும் தொட்டார், அதற்கடுத்த வரியிலும். எல்லா வரியிலும் அவர் பெயர்தான் முதலில் இருந்தது.

"இருக்கன்குடிக்குக் கெளம்பும்போது," என்றார். விரலைக் காகிதத்திலிருந்து எடுக்கவில்லை. "எடம் போயிராமப் பாத்துக்கன்னு நாந்தான் சொல்லிட்டுப் போனேன். போர்மேன்ட்ட ஒரு வார்த்தை பேசி வைப்பாள்னு நெனச்சுச் சொன்னேன். வீட்டுல இருந்து தீப்பெட்டி ஒட்டுறேன்னுதான் எங்கிட்டச் சொன்னா."

ராஜபாண்டியன் அவருக்கு ஒரு வழியைத் திறந்து வைத்தே கேட்டார். அவள் மருந்து அறைக்குப் போனது உங்களுக்குத் தெரியாது, அப்படித்தானே? தெரியாது என்றால் அதோடு முடிந்தது. தெரியும் என்றால் பயிற்சியில்லாத ஆளை அனுப்பியவர் என்று அவர் பெயரும் வழக்குக்குள் வரும். அழகுமீனா, தெரியாது என்று சொல்லுங்கள் என மனதுக்குள் கெஞ்சினாள். அது உண்மையும்கூட.

"நாந்தான் அனுப்புனேன்னு எழுதிக்கோங்க சார்," என்றார் ஆண்டிச்சாமி. "தெரியாதுன்னு எழுதுனா, புருஷனுக்குத் தெரியாமப் போனவள்னு இன்னொரு பேச்சு வரும்."

ராஜபாண்டியன் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாளைக்கு வாங்க, யோசிச்சுச் சொல்லுங்க என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்றார் அவர்.

வெளியே கருப்பம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அழகுமீனா கதவருகிலேயே நின்றுவிட்டாள். ஆண்டிச்சாமி அன்று மாமியாரைத் தாண்டிப் போகவில்லை. முன்னால் போய் நின்றார்.

"எனக்குப் பதிலாத்தான் அத்தே உள்ள போயிருக்கா."

கருப்பம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"தெரியும் மாப்ளே. வேலைக்குத்தான் போயிருப்பாள்னு தெரியும். உங்களுக்குப் பதிலாத்தான் எம்மவன் கொள்ளியும் வச்சான்."

அவர் அப்படியே சுவரோடு சரிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, வெறும் வயிற்றோடு வந்தீகளா என்று அவள் கேட்டது அழகுமீனாவின் காதில் விழுந்தது.