தலைகீழாய் நின்ற தங்கத்தாய்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 1912இல் சயன்ஸ் கண்காட்சி நடந்தது. மாணவி பியூலா, முன்பக்கம் ஊசியால் துளையிட்டுத் தான் செய்த பெட்டியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவதற்காக ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தாள். அவள் வாய் திறக்குமுன்பே, பார்க்க வந்த விவசாயி முத்துமாலை பெட்டிமேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, அதன் பின்பக்க எண்ணெய்க் காகிதத்தைப் பார்த்தார். முற்றத்து வெயிலில் நின்ற அவர் மனைவி தங்கத்தாய் அதில் தலைகீழாகத் தெரிந்தாள்.

“ஏளா, நீ தலைகீழா நிக்கெ,” என்று அவர் சிரிக்க, கூட்டமே சிரித்தது. தங்கத்தாய் முகம் சுண்டிப்போய்க் கிளம்பினாள்.

பியூலாவுக்கு மனப்பாடம் மறந்தே போயிற்று. ஓடிப்போய்த் தங்கத்தாயின் கையைப் பிடித்தாள்.

“போவாதீங்க அக்கா. வெளிச்சம் வளையாது, நேராத்தான் போவும். உங்க தலையில இருந்து வார வெளிச்சம் சரிஞ்சு வந்து, துளைக்குள்ள நொழஞ்சு, அதே போக்குல காகிதத்துக்கு அடியில விழுது. கால்ல இருந்து வாரது ஏறிப்போயி மேல விழுது. அதான் படம் கவுந்திருக்கு. யாரு நின்னாலும் இப்படித்தான்.”

“யாரு நின்னாலுமா?” தங்கத்தாய் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்க போயி வெயில்ல நில்லுங்க.”

அவர் போய் நின்றார். துணிக்குள்ளிருந்து அவள் சிரிப்பு முற்றம்வரை கேட்டது. பெட்டிக்குப் பின்னால் வரிசை நீண்டது. தங்கத்தாயிடம் சொன்னதையே பியூலா அன்று நாற்பது தடவை சொன்னாள்.