இரண்டு கோட்டுப் பெற்றோல்

என் கணவர் பஸீர் மூன்று இடத்தில் விலை கேட்காமல் எதையும் வாங்க மாட்டார். தேங்காய்க்கும் மூன்று கடை, பல்லுப் பிடுங்குவதற்கும் மூன்று டொக்டர். பதினாறு வருசமாக இதைச் சொல்லிச் சிரித்து வந்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு புத்தளத்திலிருந்து என் கூடப்பிறந்த மூத்தவர், சஜீத் நானா கோல் எடுத்தார். வாப்பா மௌத்தாகிவிட்டார். லுஹர் தொழுகையோடு அடக்கம். எங்களில் மையித்தை வைத்துக்கொண்டிருப்பது இல்லை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அடக்குகிற மையவாடிக்குப் பொம்பளைகள் போவதும் இல்லை. அதனால் மையித்து வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் போய் முகம் பார்த்தால்தான் உண்டு. பன்னிரண்டரைக்கு ஜனாஸாவைத் தூக்கிவிடுவார்கள் என்று நானா சொன்னபோது மணி ஆறு. கொழும்பிலிருந்து புத்தளம் நூற்றி முப்பது கிலோமீற்றர். நான் அழுதுகொண்டே கணக்குப் போட்டேன். நேரம் தாராளமாக இருந்தது.

பெட்டாவில் ஆறரைக்கு பஸ் இருக்கிறது என்றேன். பஸ் ஊர்ந்து ஊர்ந்து போகும், இரவு திரும்பி வரவும் வசதியில்லை, நாமே ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கார் வாடகைக்கு எடுப்போம் என்றார் பஸீர். டிரைவரோடு வேன் என்றால் இருபத்தையாயிரம் கேட்பான்களாம். அதுவும் சரிதான் என்று தோன்றிவிட்டது. அந்த ‘சரி’யைச் சொன்ன என் வாய் மீதும் எனக்குக் கோபம்தான்.

எங்கள் மாளிகாவத்தை ஃப்ளாட்டின் சோபாவில் சாய்ந்து ஃபோனைக் கையில் எடுத்தவர், கோழி அடைகாக்கிற மாதிரி அதிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலில் கிடைத்தது வெள்ளவத்தையில் கஜீவன் என்ற பொடியனின் கார். இருபத்துநாலு மணித்தியாலத்துக்குப் பதின்மூவாயிரத்து ஐந்நூறு. முந்நூறு கிலோமீற்றர் வரைக்கும் மேலதிகமாக எதுவும் இல்லை. டேங்க் நிறைத்துத் தருவான், நிறைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டிபொசிட் நாற்பதாயிரம், வாகனத்தைப் பார்த்த கையோடு திருப்பித் தருவான். மௌத் என்று கேட்டதும் அந்தப் பொடியனின் குரலே மாறிவிட்டது.

“நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ. ஏழு மணிக்கு உங்கட வாசலில வாகனத்தைக் கொண்டந்து விடுறன்.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நான் அபாயாவை எடுத்து மாட்டிவிட்டேன். இவரோ, பத்து நிமிசத்தில் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்தார். இன்னும் இரண்டு இடம் கேட்க வேண்டுமே!

இரண்டாவது கிராண்ட்பாஸ். ஒரு நாளுக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு, நூற்றைம்பது கிலோமீற்றர், அதற்கு மேலே ஓடினால் ஒவ்வொன்றுக்கும் ஐம்பது ரூபாய். டிபொசிட் ஐம்பதாயிரம். ஸ்பீட் ஃபைன் ஏதும் வருகிறதா என்று பார்த்துப் பதினான்கு நாள் கழித்துத்தான் அது கைக்கு வரும். மூன்றாவது கொட்டாஞ்சேனை. அங்கே மணித்தியாலக் கணக்கு. மணிக்கு அறுநூற்றைம்பது, டிபொசிட் இருபத்தையாயிரமும் அடையாள அட்டையும். அறுநூற்றைம்பது என்ற சத்தத்தைக் கேட்டதும் இவர் முகத்தில் பெருநாள் பிறை.

எனக்கு வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிற தொழில். மா, சீனி, பட்டர் எல்லாவற்றையும் கிராம் கணக்கில் பார்த்துத்தான் ஒரு கிலோவுக்கு விலை சொல்வேன். வெளியே தெரிகிற விலை வேறு, கடைசியில் முடிகிற விலை வேறு என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணிக்கு எத்தனை கிலோமீற்றர் விடுகிறான் என்று கேட்கச் சொன்னேன். பத்து. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு நூற்றி இருபது. அதற்கு மேலே ஒவ்வொன்றுக்கும் அறுபது ரூபாய். போய்வர எப்படியும் இருநூற்று எண்பது ஓடும். வாடகை ஏழாயிரத்து எண்ணூறு, மேலதிகமாக ஓடுகிற நூற்றி அறுபதுக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு. மொத்தம் பதினேழாயிரத்து நானூறு. கிராண்ட்பாஸ்காரனே பதினாறாயிரத்தில் முடிக்கிறான். வெள்ளவத்தைப் பொடியனிடம் பதின்மூவாயிரத்து ஐந்நூறோடு சரி. யாருடைய காரை எடுத்தாலும் ஓடுகிற அளவுக்குப் பெற்றோல் நம்முடைய செலவுதான்.

இதை நான் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். வாப்பா மௌத்தான வீட்டுப் பொம்பளை கிலோமீற்றர் பெருக்கிக்கொண்டிருந்தேன். அந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்ததற்கு இந்த மனுசனை எப்படி மன்னிப்பது? அவரோ, பன்னிரண்டு மணித்தியாலம் ஓட்டுவதற்கு இருபத்துநாலு மணித்தியாலக் காசு எதற்கு, மிச்ச நேரம் கார் சும்மா நிற்கவா என்றார். பிறகு ஒன்று சொன்னார்.

“மௌத் நேரம் கணக்குப் பேச ஒனக்கு எப்பிடி மனம் வருது?”

இரண்டு மணித்தியாலமாகக் கணக்குப் பேசினது யார்? அறுக்கமாட்டாதவன் இடுப்பில் ஐம்பத்தெட்டு அரிவாள் என்பார்கள். இவருடைய ஃபோனில் மூன்று கார் இருந்தது, வாசலில் ஒன்றும் இல்லை.

கொட்டாஞ்சேனைக்காரன் எட்டு மணிக்குத்தான் திறந்தான். வாடகையையும் டிபொசிட்டையும் எண்ணி வாங்கினான், அடையாள அட்டையை மேசை லாச்சியில் போட்டான், கீறல்களைப் படம் எடுத்தான், ஓடின கிலோமீற்றரைப் படம் எடுத்தான், பெற்றோல் காட்டுகிற கோடுகளையும் படம் எடுத்தான். ஆறு கோடு உள்ள இடத்தில் இரண்டு இருந்தது. இரண்டோடு கொண்டுபோனால் இரண்டோடு கொண்டுவர வேண்டும். குறைந்தால் காசு பிடிப்பான், கூடினால் திருப்பித் தரமாட்டான். பஸீர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது எட்டு ஐம்பது. கஜீவனின் காரில் ஏறியிருந்தால் அந்நேரம் சிலாபம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

நீர்கொழும்பு தாண்டுவதற்குள்ளேயே ஒரு கோடு போய்விட்டது. பெற்றோல் அடிக்கச் சொன்னேன். புத்தளம் வரைக்கும் இது போதும் என்றார். அங்கே போய், திரும்பி வரும்போது சரியாக இரண்டு கோடு நிற்கிற மாதிரி அளந்து அடிப்பாராம்.

“இப்ப கூட அடிச்சா அவனுக்குத்தான் ஹதியா. ஏன் சும்மா குடுக்கணும்?”

சிலாபத்தில் மிஞ்சியிருந்த கோடு மினுங்கத் தொடங்கியது. பெற்றோல் ஷெட் இடது பக்கம் வந்தது, வரிசைகூட இல்லை. அடிங்க என்று நான் கத்தியே விட்டேன். மினுங்கத் தொடங்கினாலும் இன்னும் நாற்பது கிலோமீற்றர் ஓடும் என்றார். அவருடைய கூட்டாளியின் காரில் ஓடியதாம்! இது கூட்டாளியின் காரா? யார் யாரோ அடித்து நொறுக்கிய வாடகைக் கார். அதன் கோடு எவ்வளவு உண்மை பேசும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

முந்தலுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் தென்னந்தோட்டம் இருக்கிற இடத்தில், கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பதினொன்று ஐம்பது.

அவர் ஒரு திரீவீலரை மறித்து ஏறி, ஷெட்டைத் தேடிப் போனார். பத்து நிமிசம் என்றார். நான் ரோட்டில் நின்றேன். புத்தளம் பஸ் ஒன்று வந்தது, கையைக் காட்டினேன், நிற்கவில்லை. இன்னொன்று வந்தது, அதில் ஆள் தொங்கிக்கொண்டு போனது. நானாவுக்கு கோல் எடுத்து, கொஞ்சம் வைத்திருங்கள் என்று கெஞ்சினேன். பள்ளியில் லுஹர் ஜமாஅத் முடிந்த கையோடு ஜனாஸா தொழ வேண்டும், எல்லாரும் வந்து நிற்கிறார்கள், என்னால் ஏலுமான மட்டும் பார்க்கிறேன் என்றார். அவர் குரல் உடைந்துபோயிருந்தது. நானா மீது எனக்குக் கோபம் வரவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடியும் அவரே எடுத்தார்.

“தங்கச்சி, இனி வச்சிருக்க ஏலா. தூக்கப் போறோம்.”

ஃபோன் வழியாக அந்தப் பக்கம் கலிமாச் சத்தம் கேட்டது. உம்மாவின் அழுகை கேட்டது. ரோட்டோரத்தில் குந்தி, அந்தச் சத்தம் ஓயும்வரை ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

பஸீர் ஒரு மணிக்கு வந்தார். கையில் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, அதில் பெற்றோல். முதல் ஷெட்டில் போத்தலுக்கு அடிக்க மாட்டோம் என்றார்களாம், அடுத்ததற்குப் போக வேண்டியதாயிற்றாம். வாப்பா வீட்டுத் தெருவுக்குள் கார் திரும்பும்போது ஆம்பிளைகள் மையவாடியிலிருந்து கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். நானாவின் சாரத்தில் மண் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வாப்பாவைக் கிடத்திக் குளிப்பாட்டின கட்டில் முற்றத்தில் காலியாகக் கிடந்தது. அதன் சட்டத்தில் கையை வைத்தேன், ஈரம் இன்னும் காயவில்லை.

ஐந்து மணிக்கு, பன்னிரண்டு மணித்தியாலம் தாண்டினால் இன்னும் அறுநூற்றைம்பது என்று அவர் என்னை அவசரப்படுத்தினார். நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தாவில் உட்காரப்போகிற உம்மாவை விட்டுவிட்டு எழும்பினேன். நான் இருந்தால் அந்த வீட்டில் வைத்தே இந்த மனுசனை ஏதாவது கேட்டுவிடுவேன் என்ற பயம்தான் காரணம். புத்தளத்தில் அவர் சொன்ன மாதிரியே அளந்து அடித்தார்.

கொட்டாஞ்சேனை ஷெட்டைக் கடக்கும்போது உள்ளே திருப்பச் சொன்னேன். இரண்டு கோடு சரியாக நிற்கிறது, இனித் தேவையில்லை என்றார். திருப்புங்க என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, திருப்பினார். நான் இறங்கிப் போய், பெற்றோல் அடிக்கிற ஆளிடம் சிங்களத்தில் டேங்கை நிறைக்கச் சொன்னேன். கேக் விற்ற காசு என் பேக்கில் இருந்தது.

பஸீர் பதறிக்கொண்டு இறங்கி வந்தார்.

“ஒனக்கு விசரா? கூட அடிச்சா அவன் திருப்பித் தரமாட்டான்.”

“தெரியும்,” என்றேன். “வாப்பாட மொகத்தயும்தான் இனி ஆரும் திருப்பித் தரமாட்டாங்க.”

மீட்டர் ஓடி நிற்கும்வரை பார்த்திருந்து, நோட்டுகளை எண்ணிக் கொடுத்தேன். காரைக் கொடுத்தபோது கொட்டாஞ்சேனைக்காரன் இருநூற்று எழுபத்தெட்டு கிலோமீற்றர் என்று எழுதி, டிபொசிட்டில் ஒன்பதாயிரத்து நானூற்றெண்பதைப் பிடித்துக்கொண்டான். பிறகு பெற்றோல் கோடுகளைப் படம் எடுக்கக் குனிந்தவன், காலையில் எடுத்த படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஆறு கோடும் நிற்கிறதே, பிழையாக அடித்துவிட்டீர்களா என்று பஸீரிடம் கேட்டான்.

பஸீர் என்னைப் பார்த்தார். பதில் சொல்லட்டும் என்று நான் சும்மா நின்றேன்.

“பிழதான்,” என்றார்.