இர்பான் லாரிக்கு வராத எண்

திண்டிவனம் சிமெண்ட் குடோனில் சகாயசெல்விதான் தினமும் விற்பனை பில்களை அரசுத் தளத்தில் ஏற்றி, லாரியில் சரக்கு போக அது அனுமதியாகத் தரும் இ-வே பில் எண்களைக் கடைக் கணினியில் பதிப்பாள். அன்று ஏற்றிய பன்னிரண்டில் நான்காவது பில்லை, பின்கோடு தவறென்று தளம் தள்ளிவிட்டது. அதையும், கடைசி பில் எண்ணில்லாமல் நின்றதையும் கவனிக்காமல், வந்த பதினோரு எண்களையும் வரிசையாக ஒட்டி அச்சடித்துக் கொடுத்துவிட்டாள்.

கோலியனூர் போய்க்கொண்டிருந்த ஓட்டுநர் இர்பான் போன் செய்தான்.

"அக்கா, செக்கிங்ல வரி ஆபீசர் நிறுத்தி வச்சிருக்காரு. இந்த இ-வே பில் நம்பர் வேற லாரியோடதாம்."

சகாயசெல்வி தளத்தைத் திறந்து ஒவ்வொரு பில்லாகப் பார்த்தாள். நான்காவது பில் அவனுடையது. அதிலிருந்து எல்லா எண்களும் மாறிக் கிடந்தன. மற்ற எட்டு ஓட்டுநர்களையும் போனில் அழைத்து லாரியை ஓரங்கட்டச் சொல்லி, பில் எண்ணோடு ஒப்பிட்டுச் சரியான எண்களை அனுப்பினாள். இர்பானுக்கு அனுப்ப எண்ணே இல்லை; லாரி பிடிபட்ட பிறகு புதிதாக எடுக்கும் எண் செல்லாது.

"தப்பு என்னுதுதான் இர்பான். ஆபீசர்கிட்ட நானே சொல்றேன், வந்துகினு இருக்கேன்" என்று பஸ் ஏறினாள். உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனாள்.