குரல் ஓய்வு

முந்தின நாள் சாயங்காலம் வரை, ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று போனில் கத்திய அத்தனை பேரையும் சமாதானப்படுத்திவிட்டுத்தான் ரேடியோ அக்கா வீடு திரும்பியிருந்தாள். அந்தக் குரலுக்காகத்தான் கால் சென்டரில் அவளுக்கு அப்படியொரு பட்டப்பெயர். காலையில் எழுந்து கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. உடம்பு சரியில்லையென்றால் ஷிஃப்ட் தொடங்கும் முன் ஊழியரே போனில் பேசித் தகவல் சொல்ல வேண்டும். மெசேஜ் செல்லாது. இதை எழுதிய மகராசனுக்கு ஜென்மத்தில் தொண்டை கட்டியதே இல்லை போலிருக்கிறது. தையல்கடை வைத்திருக்கும் கணவன்தான் அவளுக்காகப் பேசினான். அதட்டிப் பேசத் தெரியாத மனுஷன்.

"அவங்களையே பேசச் சொல்லுங்க சார்," என்றார் மேனேஜர்.

"குரலே வரலைங்க சார். அதைச் சொல்லத்தான்..."

"ரெண்டு வார்த்தை பேசக்கூடவா வராது?"

ரேடியோ அக்கா போனைப் பிடுங்கி "சார்" என்றாள். மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்றவர், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். "குரல் நாண் ரெண்டும் வீங்கிச் செவந்து கெடக்கு. ஒரு வாரம் வாயே தெறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க. மறுபடி என்கிட்ட காட்டிட்டுத்தான் வேலைக்குப் போகணும்." அதையே சர்டிஃபிகேட்டாக எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அது அன்றைக்கே மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாளுக்கு மேல் லீவு எடுத்தால் சர்டிஃபிகேட் வேண்டும் என்பது விதி. விதிப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

வாரத்தின் நடுவில் ஒருநாள் மேனேஜர் போன் செய்தார். கணவன் கடைக்குப் போயிருந்தான். அடித்து ஓயும் வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் சார், என்ன விஷயம்?" என்று மெசேஜ் அனுப்பினாள். பதிலுக்கு ஒரு போட்டோ வந்தது. கையில் கூடையோடு மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள் அவளே. கூட வேலை பார்க்கும் எந்தப் புண்ணியவதியோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். கீழே மேனேஜரின் கேள்வி: "நல்லாத்தானே நடமாடறீங்க?"

ரேடியோ அக்காவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. தொண்டை கெட்டால் காலும் விளங்காமல் போய்விடுமா? வீட்டில் உலை வைக்க வேண்டாமா? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க நாக்கு துடித்தது. கேட்கத்தான் குரல் இல்லை. போட்டோவைத் தொடர்ந்து இன்னொரு மெசேஜ் வந்தது. நாளைக்கு வராவிட்டால் அனுமதியில்லாமல் வேலைக்கு வராததாகக் கணக்கு. மெமோ வரும். பிள்ளை மாடிப்படியில் விழுந்த அன்று தாமதமாகப் போனதற்கு ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தாள். இரண்டாவது மெமோ வாங்கியவர்களை அந்த அலுவலகத்தில் யாரும் மறுபடி பார்த்ததில்லை.

"போகாதே," என்றான் கணவன். அவள் போனாள். தையல்கடை வருமானத்தில் வீட்டு வாடகைக்கே இழுபறிதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்ததால் கரகரவென்று ஏதோ ஒரு குரல் வந்தது. "பாத்தீங்களா, பேச்சு வருதே!" என்று மேனேஜர் சிரித்தபடி ஹெட்செட்டை அவரே எடுத்து நீட்டினார். டாக்டரிடம் மறுபடி காட்டினாயா என்று கேட்கவில்லை. மத்தியானம் ஒரு காது மந்தமான பெரியவரின் கால் வந்தது. "சத்தமா சொல்லும்மா, சத்தமா" என்றார் அவர். அவள் கத்திக் கத்திச் சொன்னாள். தொண்டைக்குள் சுள்ளென்று ஏதோ இழுத்தது. ஒரு வார்த்தையின் பாதியில் குரல் அறுந்துபோனது.

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா நாடகத்தை," என்றார் மேனேஜர், எல்லோருக்கும் கேட்கும்படி. "நம்ம கம்பெனி டாக்டர்கிட்ட அனுப்புங்க. சாயம் வெளுத்துடும்."

சாயம் வெளுக்கத்தான் செய்தது. கம்பெனி டாக்டரும் மூக்கு வழியாகக் குழாயை விட்டு, திரையைப் பார்த்ததும் முகம் மாறினார். "ஒரு நாண்ல ரத்தம் கசிஞ்சு கட்டியிருக்கு. இந்த நெலமையில யாரும்மா உங்களப் பேசவிட்டது?" மறுபடி முழு மௌனம் காக்க வேண்டும் என்றார். ரத்தக்கட்டு கரையாவிட்டால் ஆபரேஷன். பழைய குரல் அப்படியே திரும்பும் என்று சொல்வதற்கில்லை. டாக்டர் எல்லாவற்றையும் எழுதி மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினார்.

அந்தப் பிரிவின் அதிகாரியம்மா மேனேஜரையும் ரேடியோ அக்காவையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மேனேஜர் எடுத்த எடுப்பிலேயே போட்டோவைக் காட்டினார். "சந்தேகம் வந்துச்சு மேடம். கேக்க எனக்கு உரிமை இல்லையா?"

"இருக்கு சார். சர்டிஃபிகேட் நெசமான்னு அந்த க்ளினிக்கில கேட்டிருக்கலாம். லீவுல இருக்கும்போதே நம்ம டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கலாம். அதுக்குத்தான் அவருக்கு சம்பளம் குடுக்கறோம். ஒரு டாக்டர் எழுதினத இன்னொரு டாக்டர்தான் மறுக்கணும். தக்காளி வாங்கற போட்டோவ வெச்சு நீங்க மறுக்க முடியாது. இதுல படுக்கையில கெடக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

மேனேஜர் சர்டிஃபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, டூட்டில சேர்த்தீங்களே, வேலை செய்யலாம்னு டாக்டர் குடுத்த ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் எங்க?"

"அது... அவங்களாத்தான் வந்தாங்க மேடம்."

ரேடியோ அக்கா போனில் அவர் அனுப்பிய மெசேஜை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதிகாரியம்மா அதைப் படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அவங்க லீவுக்குக் குடுத்த காகிதத்த நம்பல. வேலைக்கு வந்தப்ப வாங்க வேண்டிய காகிதத்த வாங்கவே இல்ல. நல்லா இருக்கு சார்."

பிறகு அவள் ரேடியோ அக்காவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். மெமோ எதுவும் வராது. லீவு முழுச் சம்பளத்தோடு ஏற்கப்படும். குணமாகும் வரை இன்னும் லீவு. ஒரு தாளை நகர்த்திக் கையெழுத்துப் போடச் சொன்னாள். முதல் வரி, லீவு ஏற்கப்பட்டது. இரண்டாவது வரி, இது தொடர்பாக எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

ஓகோ, சங்கதி இதுதானா என்று நினைத்தாள் ரேடியோ அக்கா. அந்த அம்மாளின் இவ்வளவு நியாயமும் கம்பெனிக்குச் சேதாரம் வராமல் பார்த்துக்கொள்ளத்தான். மேனேஜரும் முகத்தைக் குழைத்துக்கொண்டார். "மனசுல வெச்சுக்காதீங்கம்மா. நெசமாவே முடியலைன்னு தெரிஞ்சிருந்தா நான் கூப்பிட்டிருப்பேனா? இப்பத்தானே நிரூபணமாச்சு."

அவள் பேனாவை எடுத்தாள். இரண்டாவது வரியைத் தாள் கிழிய அடித்தாள். அடியில் எழுதினாள்: "புகார் இருக்கிறது. நோயாளி என்று தெரிந்தே மிரட்டி வேலைக்கு வரவழைத்தார். என் குரல் நாணில் ரத்தம் கட்டியது அதனால்தான். வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். இவர் மேல் விசாரணை வேண்டும்." கையெழுத்துப் போட்டாள். அறை மூலையிலிருந்த மெஷினில் அதை நகலெடுத்து, நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்ற முத்திரை வேண்டும் என்று விரலால் தட்டிக் காட்டினாள். அதிகாரியம்மா அந்த வரிகளை மறுபடி படித்தாள். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினாள்.

"இவ்வளவு வன்மமா?" என்றார் மேனேஜர். "ஏதாவது சொல்லுங்கம்மா. வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்வதற்கு அவளிடம் வார்த்தைகள் இருந்தன. இத்தனை வருஷம் வாடிக்கையாளர்கள் அவள் காதில் கொட்டியதெல்லாம் வரிசையாக நெஞ்சில் வந்து நின்றது. அதில் ஒன்றைச் சொன்னாலும் மனசு ஆறிவிடும். பதிலுக்கு மிச்சமிருக்கும் குரலும் போய்விடும். அந்த ஆளுக்காக அதைச் செலவழிக்க அவளுக்கு இஷ்டமில்லை. நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடியபடி வெளியே வந்தாள்.